டெல்டா டைமால் பெருக்கினால் போதுமா? கேம் லூப்புக்கு நான்கு வழிகள்

பிரவுசரில் ஓடும் ஒரு சின்ன பிளாட்ஃபார்மர் கேமை எடுத்துக்கொள்வோம். கேன்வாஸில் ஒரு ஹீரோ இருக்கிறான். ஓடுவான், குதிப்பான், மேடை மேல் ஏறுவான். எழுதியவருடைய லேப்டாப் திரை 60 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு பிரேமிலும் `x += 4` என்று நகர்த்தியிருக்கிறார். நொடிக்கு 240 பிக்சல், ஓட்டம் கச்சிதமாக இருக்கிறது. அதே பக்கத்தை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் திறந்தால் ஹீரோ நொடிக்கு 576 பிக்சல் பாய்கிறான். ஐபோனில் லோ பவர் மோடு போட்டுத் திறந்தால் சஃபாரி நொடிக்கு 30 பிரேம்தான் தரும், அதில் 120 பிக்சல் வேகத்தில் ஊர்கிறான். கோட் ஒன்றுதான், ஆனால் மூன்று பேர் மூன்று கேம் ஆடுகிறார்கள்.

இதற்கு யாரைக் கேட்டாலும் வரும் பதில், “டெல்டா டைமால் பெருக்கு”, அதாவது இரண்டு பிரேமுக்கு இடையே ஓடிய நேரத்தால் பெருக்கு என்பதுதான். அந்தப் பதில் ஓட்டத்துக்குச் சரி. குதிப்புக்கும், கேமராவுக்கும், இன்னும் சிலவற்றுக்கும் அது பாதிதான் சரி. அதனால் இந்த ஒரே கேமை வைத்துக்கொண்டு நான்கு வழிகளையும் போட்டுப் பார்க்கலாம்: பிரேமை எண்ணுவது, மாறும் டெல்டா டைம், கழிந்த நேரத்திலிருந்து நேராகக் கணக்கிடுவது, நிலையான படி. என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிப்பும் மோதலும் உள்ள கேமுக்கு நிலையான படி. மற்ற மூன்றில் இரண்டுக்கு அதே கேமுக்குள்ளேயே வேலை இருக்கிறது.

பிரேமை எண்ணுவது

இதை அதிகம் திட்டத் தேவையில்லை. வன்பொருள் ஒன்றேதான், திரையும் ஒன்றேதான் என்றால் இது நல்ல வழி. பழைய கன்சோல் கேம்கள் டிவியின் தாளத்தை நம்பி இப்படித்தான் எழுதப்பட்டன. 60 ஹெர்ட்ஸ் கன்சோலுக்கு எழுதிய கேமைக் கவனமில்லாமல் 50 ஹெர்ட்ஸ் ஐரோப்பிய டிவிக்கு மாற்றினால் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம்.

பிரவுசரில் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. `requestAnimationFrame` பயனரின் திரைக்கு ஏற்ப ஓடும். அதன் வேகத்தை நாம் நிர்ணயிக்கவில்லை. “சரி, `setInterval`-இல் 16 மில்லிநொடி வைத்துவிடலாம்” என்று சிலர் கிளம்புவார்கள். அது திரையின் தாளத்தோடு ஒட்டாது, கணினி திணறும்போது தள்ளிப்போகும், பின்னணி டேபில் நொடிக்கு ஒரு முறையாகவும் சுருங்கிவிடும். இந்த வழியை இங்கேயே கழற்றிவிடலாம்.

மாறும் டெல்டா டைம்

போன பிரேமுக்கும் இந்தப் பிரேமுக்கும் இடையே எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்க்கிறோம். வேகங்களை எல்லாம் “நொடிக்கு இவ்வளவு” என்று வைத்துக்கொண்டு அந்த நேரத்தால் பெருக்குகிறோம்.

```js
let last;
function frame(now) {
  if (last === undefined) last = now;
  const dt = Math.min((now - last) / 1000, 0.1);
  last = now;
  update(dt);
  draw();
  requestAnimationFrame(frame);
}
requestAnimationFrame(frame);
```

இதில் மூன்று சின்ன விஷயங்கள் உண்டு, மூன்றுமே அடிக்கடி விட்டுப்போகிறவை. `now` மில்லிநொடியில் வருகிறது. 1000-ஆல் வகுக்காமல் விட்டால் ஒவ்வொரு பிரேமும் 0.1 என்ற வரம்பில் போய் முட்டும், 60 ஹெர்ட்ஸ் திரையில் ஹீரோ ஆறு மடங்கு வேகத்தில் பாய்வான். முதல் அழைப்பில் `last` இருக்காது. அதைக் கவனிக்காவிட்டால் `NaN` வரும், அப்புறம் அந்த `NaN` தொட்டதெல்லாம் `NaN` ஆகி, திரையில் ஹீரோவே காணாமல்போவான். மூன்றாவது அந்த 0.1. டேபை மாற்றிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பினால், அதுவரை நின்றிருந்த `requestAnimationFrame` மறுபடி ஓடத் தொடங்கும். அந்த முதல் பிரேமின் `dt` 300 நொடி. உச்சவரம்பு இல்லாவிட்டால் ஹீரோ ஒரே தாவலில் 72,000 பிக்சல் கடந்திருப்பான்.

நேரம் பார்க்க `Date.now()` வேண்டாம். கணினியின் கடிகாரம் திருத்தப்பட்டால் அது பின்னாலும் போகும், `dt` எதிர்மறையாகிவிடும். கால்பேக்குக்கு வரும் `now` முன்னோக்கி மட்டுமே நகரும்.

இப்போது ஓட்டம் `x += 240 * dt` ஆகிறது. 30, 60, 144 மூன்றிலும் நொடிக்கு 240 பிக்சல்தான். வேகம் மாறாமல் இருப்பதால் நேரத்தை எத்தனை துண்டாக நறுக்கினாலும் கூட்டுத்தொகை ஒன்றே. இங்கேயே நிறுத்திவிட்டு “முடிந்தது” என்று சொல்லும் பாடங்கள்தான் அதிகம். அடுத்த வரி குதிப்பு.

```js
vy -= 1800 * dt;
y  += vy * dt;
```

மேல்நோக்கிய வேகம் நொடிக்கு 600 பிக்சல், ஈர்ப்பு 1800. பள்ளி இயற்பியலின் படி உயரம் 600² ÷ (2 × 1800), அதாவது 100 பிக்சல். இந்தக் கோட் எவ்வளவு தருகிறது என்று திரையே இல்லாமல் பார்க்கலாம். பிரவுசரின் கன்சோலில் ஒட்டினால் போதும்.

```js
for (const fps of [30, 60, 144]) {
  let y = 0, vy = 600, top = 0;
  for (let i = 0; i < fps; i++) {
    vy -= 1800 / fps;
    y  += vy / fps;
    top = Math.max(top, y);
  }
  console.log(fps, top.toFixed(2));
}
```

விடை: 30-இல் 90.00, 60-இல் 95.00, 144-இல் 97.92. எங்கேயும் 100 வரவில்லை. எல்லா இடத்திலும் `dt`-ஆல் பெருக்கியிருக்கிறோம், ஆனாலும் குதிப்பின் உயரம் பிரேம் ரேட்டைப் பொறுத்தே இருக்கிறது. கேமின் மூன்றாவது நிலையில் 92 பிக்சல் உயரத்தில் ஒரு மேடை வைத்திருந்தால், எழுதியவரின் 60 ஹெர்ட்ஸ் லேப்டாப்பில் ஹீரோ ஏறிவிடுவான். லோ பவர் மோடில் இருக்கும் போனில் எத்தனை முறை குதித்தாலும் கால் எட்டாது. “உங்கள் மூன்றாவது நிலை முடிக்கவே முடியவில்லை” என்று ஒருவர் எழுதுவார். நீங்கள் உங்கள் கணினியில் ஆடிப் பார்த்துவிட்டு “எனக்கு நன்றாகத்தானே வருகிறது” என்பீர்கள். இந்த வகைப் பிழை பிடிபடாமல் போவதற்குக் காரணமே இதுதான்: இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

காரணம் எளிது. ஒரு பிரேமுக்குள் வேகம் 600-இலிருந்து தொடர்ந்து குறைந்துகொண்டே வருகிறது. நம் கோட் முதலில் வேகத்தைக் குறைத்துவிட்டு, குறைந்த அந்த வேகத்திலேயே பிரேம் முழுக்க நகர்ந்ததாகக் கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு பிரேமிலும் கொஞ்சம் கொஞ்சம் உயரம் விட்டுப்போகிறது. விட்டுப்போகும் மொத்தம், இந்தக் குதிப்பில் 600 × `dt` ÷ 2. பிரேம் நீண்டால் இழப்பும் கூடும். இரண்டு வரிகளையும் இடம் மாற்றிப் போட்டால் பிழை எதிர்ப்பக்கம் போகும்: 30-இல் 110, 60-இல் 105.

இதற்கு ஒரு நேரடி மருந்து உண்டு.

```js
y  += vy * dt - 0.5 * 1800 * dt * dt;
vy -= 1800 * dt;
```

ஈர்ப்பு மாறாமல் இருக்கும்வரை இது துல்லியம். எந்தப் பிரேம் ரேட்டிலும் ஹீரோ அதே வளைவில்தான் போவான். ஆனால் பிளாட்ஃபார்மர்களில் ஈர்ப்பு அப்படியே இருப்பதில்லை. பட்டனை சீக்கிரம் விட்டால் குட்டைக் குதிப்பு, விழும்போது கூடுதல் ஈர்ப்பு, விழும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு என்றெல்லாம் சேர்ப்போம். இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பிரேமின் எல்லையில்தான் தொடங்க முடியும். அந்த எல்லை 30-இல் ஓரிடம், 144-இல் வேறிடம். பிழை சிறிதாகும், முழுதாக ஒழியாது.

கேமராவிலும் இதே கதை வேறு உருவில் வருகிறது. ஹீரோவை மெதுவாகத் தொடரும் கேமராவுக்கு எல்லாரும் எழுதும் வரி `cam += (target - cam) * 0.1`. மீதமுள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு பிரேமிலும் கடக்கிறது. 100 மில்லிநொடி கழித்து எவ்வளவு தூரம் மீதி என்று பார்த்தால், 30-இல் 73 சதவீதம், 60-இல் 53, 144-இல் 22. அதாவது வேகமான திரையில் கேமரா ஹீரோவோடு ஒட்டிக்கொள்கிறது, மெதுவான திரையில் பின்தங்குகிறது.

சரி, `0.1`-ஐ `6 * dt` என்று மாற்றலாமா? நிறைய முன்னேற்றம்: மீதி 51, 53, 54 சதவீதம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கேமரா இன்னும் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்று 6-ஐ 15 ஆக்கினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது ஒரு பிரேம் 0.1 நொடி இழுத்தால் பெருக்குத்தொகை 1.5. கேமரா இலக்கைத் தாண்டி மறுபுறம் போய்விட்டுத் திரும்பும். கேம் ஒரு கணம் திக்கும்போது திரை குலுங்கினால் முதலில் இந்த வரியைத்தான் தேட வேண்டும். சரியான வடிவம் இது:

```js
cam += (target - cam) * (1 - Math.exp(-6.3 * dt));
```

60-இல் 0.1 தந்த அதே உணர்வை இந்த 6.3 தரும், ஏனென்றால் −60 × ln 0.9 ஏறக்குறைய 6.3. `dt` எவ்வளவு பெரிதானாலும் அடைப்புக்குள் இருக்கும் மதிப்பு 1-ஐத் தாண்டாது, அதனால் குலுங்கலும் இல்லை. கேமரா, மெல்ல மங்கும் ஒளி, உராய்வால் நிற்கும் பொருள் என்று “மீதியில் இவ்வளவு பங்கு” என வரும் எல்லாவற்றுக்கும் இதே வடிவம்தான்.

இவற்றையெல்லாம் பார்த்தால் ஒரு விதி புலப்படும். மதிப்பு ஒரே வேகத்தில் மாறுகிறதென்றால் `dt`-ஆல் பெருக்கினால் போதும். மாற்றத்தின் வேகமே மாறுகிறதென்றால் வெறும் பெருக்கல் ஒரு தோராயம்தான். பிரேமுக்கு 1 சதவீத வாய்ப்பில் மின்னல் அடிக்கட்டும் என்று `Math.random() < 0.01` எழுதுவதும் இந்த இரண்டாம் வகை; 144 ஹெர்ட்ஸில் 2.4 மடங்கு மின்னல் அடிக்கும்.

பெருக்கவே கூடாத இடமும் உண்டு. மவுஸ் போன பிரேமிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பது ஏற்கெனவே ஒரு தூரம். நீண்ட பிரேமில் அது தானாகவே பெரிதாக இருக்கும். அதையும் `dt`-ஆல் பெருக்கினால், சரியாக இருந்ததைக் கெடுத்து பிரேம் ரேட்டோடு முடிச்சுப் போட்டதாகிவிடும். கோடோ என்ற கேம் எஞ்சினில் `move_and_slide()` தானே டெல்டாவைச் சேர்த்துக்கொள்ளும். வேகத்தை முன்பே பெருக்கிக் கொடுத்தால் ஹீரோ அறுபதில் ஒரு பங்கு வேகத்தில் நத்தைபோல் நகர்வான். புதிதாக வருகிறவர்கள் அங்கே வேகத்தைப் பதினாயிரக்கணக்கில் ஏற்றிச் சமாளிப்பதைப் பார்க்கலாம். வேக எண் நம்ப முடியாத அளவு பெரிதாக இருந்தால், எங்கோ இரண்டு முறை பெருக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கழிந்த நேரத்திலிருந்து நேராக

இந்த வழிக்கு அதிக விளம்பரம் இல்லை, எனக்கு மிகவும் பிடித்தது. நாணயம் மேலும் கீழும் ஆட வேண்டும் என்றால் பிரேமுக்குப் பிரேம் கூட்டவே தேவையில்லை: `y = base + 6 * Math.sin(4 * t)`. கதவு 0.4 நொடியில் திறக்க வேண்டும் என்றால் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, கழிந்ததை 0.4-ஆல் வகுத்து, 1-ஐத் தாண்டாமல் வெட்டினால் ஆயிற்று. எதுவும் சேர்ந்துகொண்டே போகாததால் பிழையும் சேராது. 20 பிரேமில் கரடுமுரடாகத் தெரியலாம், ஆனால் கதவு 0.4 நொடியில் திறந்திருக்கும்.

ஹீரோ நடக்கும் படத்தொடரும் இதில்தான் சேர வேண்டும். எட்டு படங்கள், நொடிக்கு 12 படம் என்றால் `Math.floor(t * 12) % 8`. இதற்குப் பதில் பலர் ஒரு டைமரில் `dt`-ஐக் கூட்டி, பன்னிரண்டில் ஒரு நொடி ஆனதும் படத்தை மாற்றிவிட்டு டைமரைப் பூஜ்யம் ஆக்குவார்கள். ஒரு படத்துக்கு 83.3 மில்லிநொடி. 30 பிரேமில் ஓடும்போது 66.7-இல் இன்னும் ஆகவில்லை, 100-இல்தான் மாறும். மிஞ்சிய 16.7 மில்லிநொடியைப் பூஜ்யம் தின்றுவிடுகிறது. நொடிக்கு 12 படம் 10 ஆகிவிடும். ஹீரோ அதே வேகத்தில் நகர, கால்கள் மட்டும் சோம்பலாக எட்டு வைத்து வழுக்குவதுபோல் தெரியும். டைமர்தான் வேண்டும் என்றால் பூஜ்யம் ஆக்காமல் 1/12-ஐக் கழியுங்கள். மிச்சம் அடுத்த படத்துக்குப் போய்ச் சேரும், சராசரி 12-ஆகவே நிற்கும்.

இங்கே `t` என்பது கேமின் சொந்தக் கடிகாரமாக இருக்கட்டும், அதாவது வெட்டிய `dt`-களின் கூட்டல். `now`-ஐ நேரடியாக வைத்தால், கேமை நிறுத்திவைத்துவிட்டு வந்ததும் பாதி திறந்த கதவு சடாரென்று முழுதும் திறந்திருக்கும்.

இந்த வழியின் எல்லையும் தெளிவு. அடுத்து என்ன நடக்கும் என்பது ஆடுபவரின் கையில் இருந்தால், எதன் மேலாவது மோதினால், முன்கூட்டி எழுதிவைக்கச் சூத்திரம் கிடையாது. மெனு, அலங்காரம், கட்சீன், சீட்டாட்டத்தில் சீட்டு பறப்பது ஆகியவற்றுக்கு இது போதும். ஹீரோவுக்குப் போதாது.

நிலையான படி

மாறும் `dt`-யை எத்தனை சூத்திரம் போட்டாலும் முழுதாக அடக்க முடியவில்லை என்றால், அது ஏன் மாற வேண்டும் என்று கேட்பதுதான் இந்த வழி. கேமின் உலகம் எப்போதும் 1/60 நொடிப் படிகளில் மட்டுமே நகரும். திரை எவ்வளவு அடிக்கடி வேண்டுமானாலும் வரையட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு உண்டியல்: ஒவ்வொரு பிரேமும் தன் நேரத்தை அதில் போடும், ஒரு படிக்கான நேரம் சேர்ந்ததும் உலகம் அதை எடுத்துச் செலவழிக்கும்.

```js
const STEP = 1 / 60;
acc += dt;
while (acc >= STEP) {
  prev.x = cur.x; prev.y = cur.y;
  step(cur, STEP);
  acc -= STEP;
}
const a = acc / STEP;
const drawX = prev.x + (cur.x - prev.x) * a;
const drawY = prev.y + (cur.y - prev.y) * a;
```

குதிப்புக்குத் திரும்புவோம். `step` உள்ளே அதே பழைய இரண்டு வரிகள்தான் இருக்கின்றன. உயரம் 95, இயற்பியல் சொன்ன 100 இல்லை. ஆனால் இப்போது போனிலும் 95, லேப்டாப்பிலும் 95, 144 ஹெர்ட்ஸிலும் 95. எல்லார்க்கும் ஒன்றாக இருக்கும் பிழையைப் பிழை என்றே சொல்லத் தேவையில்லை. அது கேமின் குணம். 100 வேண்டும் என்றால் குதிப்பு வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினால் ஆயிற்று. 92 பிக்சல் மேடையில் எல்லாரும் ஏறுவார்கள், அல்லது யாரும் ஏற மாட்டார்கள்.

மோதலிலும் இதன் பலன் தெரியும். நொடிக்கு 600 பிக்சல் வேகத்தில் விழும் ஹீரோ, 0.1 நொடிப் பிரேம் ஒன்று வந்தால் மாறும் `dt`-யில் ஒரே தாவலில் 60 பிக்சல் இறங்குவான். 16 பிக்சல் தடிமனுள்ள பலகை நடுவில் இருந்ததே கோடுக்குத் தெரியாது. ஹீரோ அதைத் துளைத்துக்கொண்டு விழுந்துவிடுவான். நிலையான படியில் அதே 0.1 நொடி ஆறு படியாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் 10 பிக்சல் இறங்கும். பலகை பிடித்துக்கொள்ளும்.

இந்தப் பாடத்துக்கு 1999-இல் வெளிவந்த குவேக் 3 நல்ல சான்று. அதில் ஆடுபவரின் இயக்கம் பிரேமுக்குப் பிரேம் கணக்கிடப்பட்டு, ஒவ்வொரு முறையும் வேகம் முழு எண்ணாக்கப்பட்டது. ஈர்ப்பு 800. நொடிக்கு 125 பிரேம் என்றால் ஒரு பிரேம் 8 மில்லிநொடி, வேகம் 6.4 குறைய வேண்டும். 270-இல் கிளம்பிய குதிப்பு 263.6 ஆகி, முழு எண்ணில் 264 ஆகும். அதாவது குறைந்தது 6 மட்டும். ஒவ்வொரு பிரேமிலும் இந்த 0.4 மிச்சமானதில், ஈர்ப்பு 800-க்குப் பதில் 750 போல் வேலை செய்தது. `com_maxfps 125` என்று வைத்தவர்கள் மற்றவர்கள் எட்டாத இடங்களுக்குக் குதித்தார்கள். தீர்வாகச் சேர்க்கப்பட்ட அமைப்பின் பெயரே கதையைச் சொல்லும்: `pmove_fixed`, கூடவே படியின் நீளத்துக்கு `pmove_msec`. மாறும் `dt`-யிலிருந்து நிலையான படிக்கு.

இனி இந்த வழிக்கு நாம் கொடுக்கும் விலை. கோடைப் பார்த்தால் பத்து வரிதான், ஆனால் தடுக்கி விழ நான்கு இடங்கள் இருக்கின்றன.

கடைசி மூன்று வரிகளை, அதாவது இரண்டு நிலைகளுக்கு நடுவில் வரைவதை, “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டால் 144 ஹெர்ட்ஸ் திரையில் உடனே தெரியும். 60 படிகளை 144 பிரேமில் காட்ட வேண்டும். ஒரு படி 2 பிரேம், அடுத்தது 3 பிரேம் என்று மாறி மாறி நிற்கும். சராசரி வேகம் சரியாக இருந்தாலும் ஓட்டம் நடுங்கும். 60 ஹெர்ட்ஸ் திரையிலும் தப்ப முடியாது. திரையின் தாளமும் நம் 1/60-உம் மயிரிழை வித்தியாசப்படும். எப்போதாவது ஒரு பிரேமில் படியே ஓடாது, அடுத்ததில் இரண்டு ஓடும். ஹீரோ ஒரு நொடியில் திக்கிவிட்டுப் போவான், காரணம் தெரியாமல் தலையைச் சொறிவோம். இடைநிலையில் வரைந்தால் இரண்டும் போய்விடும். அதற்கு விலையாக, திரையில் தெரிவது எப்போதும் ஒரு படி வரை, அதாவது 16.7 மில்லிநொடி வரை, பழையது. பிளாட்ஃபார்மருக்கு நான் அதைப் பொருட்படுத்த மாட்டேன். உறுத்தினால் படியை 1/120 ஆக்குங்கள், தாமதம் பாதியாகும். இயக்கக் கணக்கின் செலவு இரட்டிப்பாகும், சின்ன கேமில் அது ஒரு பொருட்டில்லை. ஆனால் குதிப்பின் உயரமும் 97.5 ஆகும் என்பதை மறக்க வேண்டாம். படியின் நீளத்தை முதல் வாரத்தில் முடிவு செய்துவிட்டு அப்புறம் தொடாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது இடம், ஹீரோவை ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு மாற்றும்போது. `cur`-ஐ மட்டும் மாற்றினால் அந்த ஒரு படியின் நேரத்துக்கு ஹீரோ திரையின் குறுக்கே கோடாக இழுபடுவான். `prev`-ஐயும் புதிய இடத்துக்கு மாற்ற வேண்டும்.

மூன்றாவது, பட்டன். 144 ஹெர்ட்ஸில் பல பிரேம்களில் ஒரு படிகூட ஓடாது என்று பார்த்தோம். “இந்தப் பிரேமில் குதிப்பு அழுத்தப்பட்டது” என்ற குறியை ஒவ்வொரு பிரேமின் முடிவிலும் அழித்தால், படி ஓடாத பிரேமில் விழுந்த அழுத்தம் காணாமல்போகும். “சில நேரம் குதிக்கவே மாட்டேன் என்கிறான்” என்று புகார் வரும், அதுவும் நல்ல மானிட்டர் வைத்திருப்பவர்களிடமிருந்து மட்டும். குறியை `step` படித்த பிறகு, `step`-க்குள்ளேயே அழியுங்கள். ஒரே பிரேமில் இரண்டு படி ஓடினால் இரண்டு முறை குதிப்பதும் அதோடு நின்றுவிடும்.

நான்காவதுதான் பயமுறுத்தும். ஒரு படியைக் கணக்கிடவே 16.7 மில்லிநொடிக்கு மேல் ஆகும் மெதுவான கருவியில், ஒவ்வொரு பிரேமும் உண்டியலில் செலவழித்ததைவிட அதிகமாகப் போடும். அடுத்த பிரேமில் இன்னும் அதிகப் படிகள், அதனால் இன்னும் நீண்ட பிரேம். சில நொடிகளில் பக்கம் உறைந்துவிடும். நம் லூப்பில் `dt`-க்கு 0.1 என்ற வரம்பு இருப்பதால் ஒரு பிரேமுக்கு ஆறோ ஏழோ படிக்கு மேல் ஓடாது. உலகம் மெதுவாகும், ஆனால் உறையாது. எஞ்சின்களும் இதையே செய்கின்றன. யூனிட்டியில் `FixedUpdate` இயல்பாக 0.02 நொடிக்கு ஒரு முறை ஓடும், ஒரு பிரேமுக்கு மூன்றில் ஒரு நொடி என்று வரம்பு இருக்கிறது. கோடோவில் நொடிக்கு 60 படி, ஒரு பிரேமுக்கு அதிகபட்சம் 8. யூனிட்டியில் 50 படியை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்டும்போது வரும் நடுக்கத்துக்கு, ரிஜிட்பாடியில் `Interpolate`-ஐ நீங்களேதான் இயக்க வேண்டும். இயல்பில் அது அணைந்திருக்கும்.

எதற்கு எது

நம் பிளாட்ஃபார்மரில் ஹீரோ, எதிரிகள், குண்டு, நகரும் மேடை எல்லாம் நிலையான படியில். மேடையை மட்டும் மாறும் `dt`-யில் விட்டுவிட்டு அதன் மேல் நிற்கும் ஹீரோவைப் படியில் வைத்தால் கால் மேடைக்குள் அமிழ்ந்து அமிழ்ந்து எழும். ஒன்றையொன்று தொடுபவை ஒரே கடிகாரத்தில் இருக்க வேண்டும். கேமரா வரையும் பக்கம் சேர்ந்தது. இடைநிலையில் வரும் `drawX`-ஐ இலக்காக வைத்து, பிரேமின் `dt`-யோடு மேலே சொன்ன `Math.exp` வரியில் ஓடட்டும். `cur.x`-ஐ இலக்காக வைத்தால் ஹீரோ வழுவழுவென்று ஓடினாலும் பின்னணி நடுங்கும். நாணயம், கதவு, மெனு, நடைப் படங்கள் கழிந்த நேரத்தில். தூசு, தீப்பொறி போன்ற அலங்காரத் துகள்களுக்கு மாறும் `dt` தாராளமாகப் போதும். ஒரு பொறி 90 பிக்சல் எழும்பியதா 95-ஆ என்று யாரும் அளக்கப்போவதில்லை.

ஆட்டத்தைப் பதிவு செய்து மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும், நேரப் பந்தயம் வைக்க வேண்டும், இணையத்தில் இருவர் ஆட வேண்டும் என்றெல்லாம் திட்டம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நிலையான படிதான். எந்தப் படியில் எந்தப் பட்டன் என்று மட்டும் பதிந்தால் அதே கருவியில் அதே ஆட்டம் திரும்ப வரும். மாறாக, மோதலே இல்லாத புதிரோ சீட்டாட்டமோ செய்கிறீர்கள் என்றால் இந்த உண்டியல் வேலை வீண். கழிந்த நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கும், ஈர்ப்பில்லாத, ஒரே வேகத்தில் நடக்கும் கேம் நடுவில் நிற்கிறது. அதற்கு மாறும் `dt`-யும் 0.1 வரம்பும் போதும் என்பது என் எண்ணம். உராய்வோ முடுக்கமோ சேர்க்க நினைக்கும் அன்று மாற்றிக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தாலும் சோதிக்க 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கத் தேவையில்லை. `frame`-இன் தொடக்கத்தில் ஒரு எண்ணியை வைத்து, ஒன்று விட்டு ஒரு அழைப்பில் `last`-ஐத் தொடாமல் அடுத்த பிரேமை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையிலேயே 30 பிரேம் கிடைக்கும். மூன்றில் இரண்டை விட்டால் 20. வேகமான திரையைப் போலச் செய்ய, `update`-ஐ ஒரு பிரேமுக்கு இரண்டு முறை `dt / 2`-ஆல் அழையுங்கள். ஒவ்வொன்றிலும் நின்ற இடத்திலிருந்து ஒரு முறை குதித்து, `cur.y` தொட்ட உச்சத்தை `step`-க்குள்ளேயே அளந்து கன்சோலில் பாருங்கள். நிலையான படி ஒழுங்காக அமைந்திருந்தால் மூன்று எண்களும் கடைசி தசம இலக்கம் வரை ஒன்றாக இருக்கும். கொஞ்சம் வேறுபட்டாலும் எங்கோ `step`-க்குள் பிரேமின் `dt` நுழைந்திருக்கிறது. அந்தக் கோப்பில் `dt` என்று தேடினால் அகப்பட்டுவிடும்.